பழைய சிநேகிதரிடம் விருப்பத்தைச் சொல்வது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருசமா ஃப்ரெண்ட்ஸ். இப்ப எனக்கு விருப்பம் வந்திட்டு. வாயத் திறந்தா உள்ளதும் போயிடுமா?

கேட்டதால் முறிந்தது என்று சொல்லப்படும் சிநேகிதங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் கேள்வி அதை முறித்திருக்காது. கேட்பதற்கு முந்தின மாதங்களில் ஆள் நடந்துகொண்ட விதம், அல்லது பதில் வந்த பிறகு நடந்துகொண்ட விதம்தான் முறித்திருக்கும். முந்தின மாதங்களில் என்ன நடக்கும்? மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சிநேகிதம் என்ற பெயரில் காவல் காப்பார்கள். அவள் வேறு யாருடனும் கதைத்தால் முகம் சுருங்கும். அவளுக்குக் கலியாணம் பேசி வந்தால் அந்த மாப்பிள்ளையில் குறை சொல்லுவார்கள். அவள் அதைச் சிநேகிதனின் புத்திமதி என்று எடுத்துக்கொள்வாள். பிறகு உண்மை தெரியவரும்போது, கேட்கப்பட்ட கேள்வியை விட அந்தப் புத்திமதிகள்தான் அவளுக்குக் கசக்கும்.

ஆகவே சொல்லாமல் இருப்பதும் ஆபத்தில்லாத வழி அல்ல. விருப்பம் சில கிழமையில் தானே அடங்கிப்போனால் விட்டுவிடலாம். அடங்காமல், உங்கள் நடத்தையையே மாற்றத் தொடங்கிவிட்டால் சிநேகிதம் ஏற்கனவே மாறிவிட்டது. அது உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சிநேகிதத்தில் இருந்து காதல் வருவது அதிசயமும் இல்லை. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டானு ஸ்டின்சன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 1,900 பேரில் 68 சதவீதமானோர் தங்கள் உறவு சிநேகிதமாகத்தான் தொடங்கியது என்றார்கள். பல்கலைக்கழக மாணவர்களிடம் அந்தச் சிநேகிதக் காலம் சராசரியாக 22 மாதம். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. அது சேர்ந்தவர்களிடம் கேட்ட கணக்கு. கேட்டு, வேண்டாம் என்று பதில் வாங்கியவர்கள் அதில் இல்லை. அதனால் ‘68 சதவீதம் வாய்ப்பு’ என்று அதைப் படிக்க வேண்டாம்.

அவனுக்கும் விருப்பம் இருக்கா எண்டு முதலே அறிய வழி இல்லையா?

ஓரளவுக்கு உண்டு, நிச்சயமாக அறிய வழியில்லை. கதைப்பது, பகிர்ந்து சாப்பிடுவது, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது, இரவு பன்னிரண்டு மணிக்கும் மெசேஜ் போடுவது எல்லாம் நெருங்கிய சிநேகிதர் செய்வதுதான். அவற்றைக் கூட்டிப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. பார்க்கவேண்டியது மாற்றத்தை. ஒரு வருடத்துக்கு முதல் உங்களோடு இருந்த மாதிரியில் இருந்து இப்போது எது மாறியிருக்கிறது? அந்த மாற்றம் மற்றச் சிநேகிதரிடமும் இருக்கிறதா, உங்களிடம் மட்டுமா?

தெரிந்த ஒரு கதையை, ஊரையும் அடையாளங்களையும் மாற்றிச் சொல்கிறேன். கல்முனைப் பிள்ளை ஒருத்தி. ஏ.எல். டியூசனில் தொடங்கிய நாலு பேர் கூட்டம். அதில் காரைதீவுப் பொடியன் ஒருவன் இவளுக்கு மிக நெருக்கம். தைப்பொங்கலுக்கு அவன் இவள் வீட்டில்தான் நிற்பான். இருவருக்கும் வேலை கிடைத்து, அவனுக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வந்தபிறகு இவளுக்கு விருப்பம் தெரிந்தது. அவள் எண்ணிவைத்த அறிகுறிகள் மூன்று. ஒன்று, தினமும் பின்னேரம் கோல் எடுப்பான். இரண்டு, லாப்டொப் வாங்க மட்டக்களப்பு ரவுணுக்கு இவளை மட்டும் கூட்டிக்கொண்டு போனான். மூன்று, தனக்கு வரும் கலியாணப் பேச்சுகளை முன்பெல்லாம் இவளிடம் சொல்லிச் சிரிப்பவன், இப்போது அதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

முதலாவது விழுந்தது. கூட்டத்தில் இருந்த மற்றப் பொடியனுக்கும் அவன் தினமும் கோல் எடுத்தான். புது ஊரில் தனிமை. இரண்டாவது, இவளுக்கு லாப்டொப் பற்றித் தெரியும், அதனாலும் இருக்கலாம். மூன்றாவதுதான் உண்மையான மாற்றம், அதுவும் இவளிடம் மட்டும். யாராக இருந்தாலும் அதை நல்ல சகுனமாகத்தான் எடுத்திருப்பார்கள். பிறகுதான் தெரிந்தது, பேச்சு ஒன்று கொஞ்சம் முற்றியிருந்தது, முடிவாகும்வரை ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று அவன் தாய் சொல்லியிருந்தார்.

நல்ல அறிகுறிக்கே இந்தக் கதி. ரோய் போமைஸ்டர் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஒருதலைக் காதல் பற்றிய ஆய்வு இதைத்தான் காட்டியது. விரும்பியவர்கள் ‘எனக்கு நம்பிக்கை தந்தார்’ என்று எழுதினார்கள். விரும்பப்பட்டவர்கள் ‘நான் அப்படி எதுவும் காட்டவில்லை’ என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. அறிகுறி பார்ப்பது கேட்கலாமா என்று தீர்மானிக்க உதவும், அதற்கு மேல் அதில் பாரம் ஏற்றக்கூடாது. நீங்கள் விரும்பும் ஆளே தனக்கு வேறு ஒருவரில் விருப்பம் என்று உங்களிடம் சொல்லியிருந்தால் மட்டும், அது அறிகுறி இல்லை, பதில்.

நேர கேக்கப் பயமா இருக்கு. எங்கட செட்ல உள்ள ஒருத்திய விட்டு நோண்டிப் பாக்கலாமா?

வேண்டாம். அவள் கேட்ட அன்றே விசயம் நாலு பேருக்குத் தெரியும். பிறகு அவர் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும், கூட்டத்துக்கு முன்னால் சொல்வது போல ஆகிவிடும். நீங்கள் பின்வாங்க நினைத்தாலும் ஏலாது. நேரே கேட்டால் இந்த விசயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், திரும்பி வரும் பாதைக்கு அதுதான் பாதுகாப்பு.

நாங்க ரெண்டு பேரும் ஒரே குடி எண்டு அம்மா சொல்றா. அப்ப சொல்லவே கூடாதா?

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இங்கே கம்பஸில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே விளங்குவதில்லை. எங்கள் பக்கத்தில் குடி தாய் வழியால் வருகிறது. அம்மாவின் குடிதான் உங்கள் குடி. ஒரே குடியில் பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் முன்பின் காணாதவர்களாக இருந்தாலும் அண்ணன் தங்கை முறை, கலியாணம் செய்வதில்லை. தமிழரிடம் மட்டும் அல்ல, இந்தக் கரையோரத்து முஸ்லிம் குடும்பங்களிலும் தாய்வழிக் குடி உண்டு. ரவுணில் பலபேர் தங்கள் குடிப் பெயரையே மறந்துவிட்டார்கள். படுவான்கரைப் பக்கமும், கோயில் திருவிழாவைக் குடிமுறைப்படி இன்றைக்கு இன்னார் என்று பிரித்துச் செய்யும் ஊர்களிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

சொல்லக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் இருவரின் குடும்பங்களும் இதை எவ்வளவு பாரமாக எடுக்கின்றன என்பதில் இருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் சொல்லக்கூடாது. பத்து வருடம் பழகியும் குடியைக் கேட்டிருக்கமாட்டீர்கள், சிநேகிதத்துக்கு அது தேவைப்படவில்லை. காதல் என்று வந்த அன்றைக்கு அதுதான் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று. உங்கள் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ உங்கள் குடியைச் சாதாரணமாகக் கேட்டு வையுங்கள். சிநேகிதியின் குடியையும் ஏதாவது கோயில் கதையில் அவளிடமே கேட்கலாம். சாதி, சமயம் வேறாக இருந்தாலும் இதே மாதிரித்தான். தடை எது என்று உங்களுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், நீங்கள் யோசித்துத்தான் கேட்கிறீர்கள் என்று மற்றவருக்கு விளங்கும்.

சரி, சொல்லப் போறன். எங்க வெச்சு, என்னெண்டு சொல்றது?

இடத்தைப் பற்றி ஒரே ஒரு விதி: நீங்கள் சொல்வதைக் கேட்கும் ஆள் உடனே எழும்பிப் போகக்கூடிய இடமாக இருக்கவேண்டும். கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்து சொல்லாதீர்கள். பதில் வேண்டாம் என்றால் இருவரும் ஏழெட்டு மணித்தியாலம் ஒருவர் தோளில் மற்றவர் முட்டிக்கொண்டு புறக்கோட்டை வரை போகவேண்டும். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் ஒதுக்குப்புறத்தில் நிறுத்திச் சொல்வதும் அப்படித்தான், திரும்பவும் உங்கள் சைக்கிளில்தான் அவள் வரவேண்டும். அவள் வீடும் வேண்டாம், உள்ளே தாய் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். ஞாயிறு பின்னேரக் கல்லடிக் கடற்கரையில் ஊரில் பாதிப்பேர் நிற்பார்கள். அதே கடற்கரை கிழமை நாளில், வெயில் தாழ்ந்த நேரத்தில் பரவாயில்லை. அவரவர் வாகனத்தில் வந்து அவரவர் வாகனத்தில் போகக்கூடிய தேத்தண்ணிக் கடையும் போதும்.

பிறந்தநாள், காதலர் தினம், அவருக்குச் சோதனை இருக்கும் கிழமை, வீட்டில் செத்தவீடு நடந்த மாதம், இவற்றை விடுங்கள். கையில் பரிசும் கொண்டு போகவேண்டாம். பரிசு வாங்கினால் பதில் சொன்ன மாதிரி, வாங்காவிட்டால் முகத்தில் அடித்த மாதிரி.

வார்த்தைகளுக்கு வருவோம். கல்முனைப் பிள்ளை அவன் லீவில் வந்திருந்த ஒரு சனிக்கிழமை, கடையில் பிளேன்டீ குடித்து முடித்தபிறகு சொன்னது ஏறக்குறைய இது:

“ஒண்டு சொல்லணும், கேட்டுட்டு உடன பதில் சொல்ல வேணாம். கொஞ்ச நாளா எனக்கு உன்னில ஃப்ரெண்ட் எண்டதுக்கு மேல விருப்பம் வந்திருக்கு. உனக்கும் அப்பிடி இருந்தா, அதப் பத்தி ரெண்டு பேரும் கதைச்சுப் பாக்கலாம். இல்லாட்டி இல்லை எண்டு சொல்லு, நான் ஏன் எண்டு கேக்க மாட்டன். கொஞ்ச நாள் எனக்கு ஒரு மாதிரி இருக்கும், பொறகு சரியாயிடும்.”

இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விருப்பம் ஒரே வசனத்தில் சொல்லப்பட்டிருக்கிறது, கவிதை இல்லை. கேட்கப்படுவது சிறியது: கலியாணம் இல்லை, கதைத்துப் பார்ப்பது. வேண்டாம் என்பதற்கு வாசல் திறந்து விடப்பட்டிருக்கிறது. கடைசி வசனம் எனக்கு மிகப் பிடித்தது. ‘எனக்கு ஒண்டும் இல்ல, நீ யோசிக்காத’ என்று அவள் சொல்லியிருந்தால் அது பொய், அவனும் அதை நம்பியிருக்கமாட்டான். நோகும், ஆனால் அதைத் தானே பார்த்துக்கொள்வாள் என்று சொன்னதால் அவனுக்குப் பாரம் குறைந்தது.

இல்லாதது எது என்றும் பாருங்கள். ‘ஏ.எல். காலத்தில இருந்தே மனசில வெச்சிருக்கன்’ என்ற வசனம் இல்லை. பலபேர் இதைத்தான் முதலில் சொல்ல ஆசைப்படுகிறார்கள், ஆழமாகத் தெரியும் என்று. கேட்பவருக்கு அது வேறு விதமாகப் போய்ச் சேரும். இத்தனை வருடம் அழுது சொன்னதெல்லாம் சிநேகிதனிடமா, காத்துக்கொண்டிருந்த ஒருவனிடமா என்று பழைய நாட்களை எல்லாம் அவள் திருப்பிப் பார்க்கத் தொடங்குவாள். எப்போது தொடங்கியது என்று அவளாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காமல் கொட்டவேண்டாம்.

நேரில முகம் பாத்துச் சொல்ல ஏலா. வாட்ஸ்அப்பில போட்டா என்ன?

ஸ்கிரீன்ஷொட் எடுக்கப்படும், அது முதலாவது. இரண்டாவது, நீல நிறச் சரி விழுந்தபிறகு பதில் வராத ஒவ்வொரு மணித்தியாலமும் உங்களைத் தின்னும், நீங்கள் இன்னொரு மெசேஜ் போடுவீர்கள், பிறகு அதை அழிப்பீர்கள். கட்டாரிலோ துபாயிலோ ஒருவர் இருந்தால் கோல் எடுத்துச் சொல்லுங்கள், வேலை முடிந்து அறையில் தனியாக இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு. அறையில் ஆறு பேரோடு இருப்பவருக்கு ஸ்பீக்கரில் விழக்கூடாது.

‘யோசிச்சுச் சொல்றன்’ எண்டு சொன்னான். அது வேணாம் எண்டதா?

சிலவேளை. சிலவேளை உண்மையாகவே யோசிக்கிறார். நீங்கள் பல மாதம் யோசித்த ஒன்றை அவர் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். அந்த இடைவெளியில் வழமை போலக் கதையுங்கள், ஆனால் வழமையைவிடக் கூடுதலாக வேண்டாம். அவருக்காக எதுவும் விசேடமாகச் செய்யவும் வேண்டாம், அது அன்புத் தொல்லையாகத் தெரியும். ஒரு மாதம் தாண்டியும் பேச்சே இல்லை என்றால் ஒரே ஒருமுறை கேட்கலாம்: “நான் சொன்னதுக்கு இல்லை எண்டு எடுத்துக்கொள்ளட்டா?” அப்படிக் கேட்டால் அவர் ‘ஓம்’ என்று சொல்வது இலேசு. இல்லை என்று சொல்லச் சிரமப்படுபவர்களுக்கு இது பெரிய உதவி.

இல்லை எண்டு சொல்லிட்டான். இனி எப்பிடி முகத்தில முழிக்கிறது?

முதல் பதிலை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வையுங்கள், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. “சரி, விளங்குது. நேர சொன்னது நல்லது.” இதுவே போதும். ஏன் என்று கேட்டால் அவர் ஒரு காரணம் கண்டுபிடிக்கவேண்டி வரும், நீங்கள் அந்தக் காரணத்தைத் தீர்க்கப் பார்ப்பீர்கள். வேலை இல்லை என்றால் வேலை எடுப்பேன் என்பீர்கள். அது சிநேகிதம் இல்லை, பேரம்.

போமைஸ்டரின் ஆய்வில் என் மனதில் நிற்பது இன்னொன்று. மறுத்தவர்கள் நிம்மதியாக இருக்கவில்லை. குற்ற உணர்வு, எரிச்சல், என்ன சொல்வது எப்படி நடப்பது என்றே தெரியாத தடுமாற்றம். காதலித்துத் தோற்றவனுக்கு ஆயிரம் பாட்டு இருக்கிறது, மறுத்தவருக்கு ஒரு வசனம்கூட யாரும் எழுதித் தரவில்லை. அதனால் அவர் ஒதுங்குவார். அதை வெறுப்பு என்று நினைத்து நீங்களும் ஒதுங்குவீர்கள். அநேகமான சிநேகிதங்கள் இந்த இடத்தில்தான், ஒருவரும் சண்டை பிடிக்காமலே, போய்விடுகின்றன. விருப்பத்தைச் சொன்னவர்தான் முதல் அடியை எடுத்து வைக்கவேண்டும்.

கல்முனைப் பிள்ளை செய்தது இப்படி. மூன்று கிழமை பின்னேரக் கோல் வேண்டாம் என்று அவனிடம் சொன்னாள், கோபம் இல்லை, தன் மனதுக்காக என்றும் சொன்னாள். காலத்தைச் சொல்லி வைத்ததுதான் முக்கியம், இல்லாவிட்டால் அவனுக்கு அது கைவிட்டது போல இருந்திருக்கும். கூட்டத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து விலகவில்லை, விலகியிருந்தால் மற்ற இருவரும் காரணம் கேட்டிருப்பார்கள். மூன்று கிழமை முடிந்ததும் அவள் போட்ட முதல் மெசேஜ், பழைய லாப்டொப்பின் சார்ஜர் இன்னும் அவனிடம் இருக்கிறதா என்பது. ஒரு சாதாரண விசயம், பதில் சொல்ல இலேசான விசயம். பழையபடி வருவதற்கு மாதங்கள் போயின. பின்னேரக் கோல் திரும்பி வரவே இல்லை. பொங்கலுக்கு அவன் வந்தான், கொஞ்ச நேரம் நின்று சாப்பிட்டுவிட்டுப் போனான். அவளுடைய தாய் “என்ன மனே, மெலிஞ்சு போனாய்” என்று கேட்டதோடு சரி.

இது பிழையான வழியில் போகிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. அவர் கடைசியாக ஓன்லைன் வந்த நேரத்தைப் பார்க்கிறீர்கள். அவர் கதைக்கும் ஆட்களில் குறை சொல்கிறீர்கள். இன்னும் கொஞ்சக் காலத்தில் மனம் மாறும் என்று நினைத்துக்கொண்டு சிநேகிதத்தைத் தொடர்கிறீர்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் உண்மையாகவே நீண்டகாலம் விலகி இருங்கள். அதுவும் சிநேகிதத்தைக் காப்பாற்றும் ஒரு வழிதான், திரும்பி வரும்போது வேறு ஆளாக வருவீர்கள். இரண்டாம் முறை கேட்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

எனக்குத்தான் ஃப்ரெண்ட் வந்து கேட்டான். எனக்கு விருப்பம் இல்ல. அவன நோகாம எப்பிடிச் சொல்றது?

நோகாமல் சொல்ல ஏலாது, குழப்பாமல் சொல்லலாம். ‘இப்போதைக்கு வேணாம்’, ‘வீட்டில ஒத்துக்கொள்ள மாட்டாங்க’ என்று சொல்லாதீர்கள். முதலாவது காத்திருக்கச் சொல்கிறது, இரண்டாவது உங்களுக்கு விருப்பம், வீட்டார்தான் தடை என்று சொல்கிறது. “எனக்கு அப்பிடி இல்ல. நீ எனக்கு முக்கியமான ஆள், அது மாறல்ல.” பிறகு இதைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரிடமும் கதைக்காதீர்கள், பகிடியாகக்கூட. அவன் அதற்குப் பிறகும் விடாமல் பின்னால் வந்தால், அது வேறு விசயம். அங்கே காப்பாற்றவேண்டியது சிநேகிதம் அல்ல, உங்களை.

ஓம் எண்டிட்டா! வீட்டுக்கு எப்ப சொல்றது? ரெண்டு வீட்டுக்கும் எங்களத் தெரியும்.

தெரிந்ததுதான் சிக்கல். அவள் வீட்டில் உங்களை இத்தனை வருடம் மகன் போல உள்ளே விட்டார்கள். ‘ஃப்ரெண்ட் எண்டு சொல்லித்தானே வந்தாய்’ என்ற கேள்வி வரும். அதனால் வேறு ஆள் சொல்லி அவர்கள் அறியக்கூடாது. அதே நேரம் அவசரப்பட்டால், எங்கள் பக்கத்தில் கதை உடனே கலியாணத்துக்குப் போய்விடும். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதும், கட்டியபிறகு மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் இருப்பதும்தான் இங்கே வழமை. வீட்டு வேலை எந்த மட்டில் நிற்கிறது, அண்ணன் வெளிநாட்டில் இருந்து அனுப்பும் காசு எதற்கு என்றெல்லாம் கதை தொடங்கும். காதலர்களாக நீங்கள் ஒரு சண்டைகூடப் பிடித்திருக்கமாட்டீர்கள், அதற்குள் ஓடு போடும் கணக்கு வந்துவிடும்.

என் அபிப்பிராயம், முதல் சில மாதங்களை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அவள் வீட்டுக்குப் போய்ப் பழைய ஃப்ரெண்டாக நடிக்கவேண்டாம், போவதைக் குறையுங்கள். வெளியில் சந்தியுங்கள். முந்தி ஒருவரைப் பற்றி மற்றவரிடம் முறையிடுவீர்கள், இப்போது முறையிட ஆள் இல்லை. முதல் சண்டையில் அது தெரியும். அதைக் கூட்டத்தில் மூன்றாவது ஆளிடம் கொண்டு போகாமல் நீங்களே முடிக்கப் பழகியபிறகு, அவளுடைய தாயிடம் அவளும் உங்கள் தாயிடம் நீங்களும், ஒரே நாளில், தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரு வீடு முதலில் அறிந்து மற்ற வீட்டுக்குக் கோல் எடுத்தால் பிறகு அது உங்கள் கையில் இல்லை.